இரட்டைக்கும் ஒற்றைக்கும் நடுவே



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிளஸ் டூ கணக்குக் கேட்டுப் போன பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும். உங்களுக்கு நான் ஒரு தப்பான காரணத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

போன மாதம் என் மூத்த மகளின் பெண் காலேஜ் விடுமுறைக்கு வந்திருந்தாள். பி.எஸ்ஸி. கணக்கு, முதல் வருஷம். பையிலிருந்து இன்டர்னல் தேர்வுத் தாளை எடுத்துப் பேசாமல் என் மடியில் வைத்தாள். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஒன்று போட்டிருந்தார்கள். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: "இரட்டையையும் ஒற்றையையும் எது இணைக்கிறது?"

விடையைப் படித்துப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. "இதுக்கா ஒரு மார்க்கு? அந்த வாத்தியார் நம்பரைக் கொடு, நான் பேசுறேன்" என்றேன். அவள் சொன்னாள்: "வேண்டாம் ஆச்சி. நீங்க சொல்லித் தந்ததைத்தான் எழுதினேன். ஆனா அவர் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கேள்வி என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சைன் வளைகோடு நினைவிருக்கிறதா? 0 பாகையில் சைனின் மதிப்பு 0. 90 பாகையில் 1. நடுவில் மெல்ல ஏறிக்கொண்டே போகும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைக் கண்டுபிடிக்கத்தான் தொகையிடல். இப்போது சைனுக்குப் பதில் சைனின் வர்க்கம், கனம், நான்காம் அடுக்கு என்று எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 90 பாகை வரை, அதாவது 0 முதல் π/2 ரேடியன் வரை, பரப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். n-ஆவது அடுக்குக்கு வரும் பரப்பை I(n) என்போம்.

ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனியாகப் பாடுபட வேண்டாம். அதற்குத்தான் குறைப்புச் சூத்திரம். சைனின் n-ஆவது அடுக்கை, (n−1)-ஆவது அடுக்கு, ஒரு சைன் என்று இரண்டாகப் பிரிக்கிறோம். பிறகு பகுதித் தொகையிடல். அப்போது ஓரங்களில் வரும் உறுப்பு இரண்டு பக்கமும் பூஜ்ஜியமாகிவிடும். 0-இல் சைன் பூஜ்ஜியம், 90-இல் கொசைன் பூஜ்ஜியம். மீதி இருப்பதில் கொசைன் வர்க்கம் வரும். அதை "1 கழித்தல் சைன் வர்க்கம்" என்று மாற்றினால் இப்படி நிற்கும்:

I(n) = (n−1) × [ I(n−2) − I(n) ]

வலப்பக்கத்து I(n)-ஐ இடப்பக்கம் கொண்டுபோனால்:

I(n) = (n−1)/n × I(n−2)

அவ்வளவுதான். பத்தாவது அடுக்கு வேண்டுமா? எட்டாவதை 9/10-ஆல் பெருக்கு. எட்டாவது வேண்டுமா? ஆறாவதை 7/8-ஆல் பெருக்கு. இப்படி இரண்டிரண்டாக இறங்கிக்கொண்டே போகலாம்.

கவனியுங்கள், இரண்டிரண்டாக. மாடிப்படியில் இரண்டு படி தாண்டித் தாண்டி இறங்கும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். பத்தாம் படியில் ஆரம்பித்தால் எட்டு, ஆறு, நான்கு, இரண்டு என்று பூஜ்ஜியத்தில் வந்து நிற்கும். ஒன்பதில் ஆரம்பித்தால் ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று. ஒரு வழியில் இறங்குகிற பிள்ளை மற்ற வழியின் படியில் கால் வைப்பதே இல்லை. இரட்டை வழியின் அடியில் இருப்பது I(0). எந்த எண்ணுக்கும் பூஜ்ஜிய அடுக்கு 1 என்பதால், அது உயரம் 1, அகலம் π/2 உள்ள செவ்வகம். பரப்பு π/2, அதாவது 1.5708. ஒற்றை வழியின் அடியில் இருப்பது I(1). அது சரியாக 1.

"இரட்டைன்னா கடைசியில π/2 போடு, ஒற்றைன்னா போடாதே" என்று திண்ணையில் நான் சொன்னது ஞாபகம் வருகிறதா? காரணம் இதுதான்.

அப்போதெல்லாம் வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும்: "டீச்சர், ஒண்ணுல π வருது, பக்கத்துலயே இன்னொண்ணுல வரல. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லையா?" நல்ல கேள்வி. நான் சொன்ன பதில் இது: "n பெருசாகப் பெருசாக ரெண்டும் ஒண்ணா ஆயிடும். சூத்திரத்தைப் பாரு. (n−1)/n எதை நோக்கிப் போகுது? 99/100, 999/1000, ஒன்றை நோக்கித்தானே. அதனால அடுத்தடுத்த பரப்புகளோட விகிதமும் ஒன்றை நோக்கிப் போகும்."

பிள்ளைகள் தலையாட்டினார்கள். நானும் நம்பினேன். என் பேத்திக்கும் அதையேதான் சொன்னேன். அவள் அதைத் தேர்வில் எழுதினாள்.

முடிவு சரி. I(n)-ஐ I(n−1)-ஆல் வகுத்தால் வரும் விகிதம், n பெரிதாகப் பெரிதாக, ஒன்றைத்தான் நெருங்குகிறது. நான் சொன்ன காரணம்தான் தப்பு.

தூக்கம் வராத அந்த ராத்திரி, சாப்பாட்டு மேஜையில் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் உண்மையான பரப்புகள். I(7) = 0.4571, I(8) = 0.4295, I(9) = 0.4063, I(10) = 0.3866. ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதால் வகுத்தால் 0.9396, 0.9461, 0.9513. அழகாக ஒன்றை நோக்கி ஏறுகிறது. இதில் குறையே இல்லை.

பிறகு அந்தச் சிவப்பு மை வரியைத் திரும்பப் படித்தேன். இரட்டையையும் ஒற்றையையும் எது இணைக்கிறது? சூத்திரம் இணைக்கவில்லை. அது இரட்டையை இரட்டையோடும் ஒற்றையை ஒற்றையோடும்தான் முடிச்சுப் போடுகிறது. அப்படியானால், ஒரு பேச்சுக்கு, இரட்டை வழியின் அடியில் 1.5708-க்குப் பதிலாக 2 இருந்தால் என்ன ஆகும்? ஒற்றை வழியின் அடியில் அதே 1. சூத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டாம். அது அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லையே.

போட்டுப் பார்த்தேன். 2-ஐ 1/2-ஆல் பெருக்கினால் இரண்டாவது 1. அதை 3/4-ஆல் பெருக்கினால் நான்காவது 0.75. அதை 5/6-ஆல் பெருக்கினால் ஆறாவது 0.625. எட்டாவது 0.5469, பத்தாவது 0.4922. ஒற்றை வழியில் எதுவும் மாறாது. மூன்றாவது 0.6667, ஐந்தாவது 0.5333, ஏழாவது 0.4571, ஒன்பதாவது 0.4063.

இப்போது விகிதங்கள். எட்டாவதை ஏழாவதால் வகுத்தால் 1.196. ஒன்பதாவதை எட்டாவதால் வகுத்தால் 0.743. பத்தாவதை ஒன்பதாவதால் வகுத்தால் 1.211. ஒன்றை நெருங்கவே இல்லை. ஒரு தடவை ஒன்றுக்கு மேலே, ஒரு தடவை கீழே. எவ்வளவு தூரம் போனாலும் இப்படித்தான். மேலே இருப்பது 1.273-ஐ நோக்கியும் கீழே இருப்பது 0.785-ஐ நோக்கியும் போகும். 1.273 எங்கிருந்து வந்தது? 2-ஐ 1.5708-ஆல் வகுத்துப் பாருங்கள். அடியில் நான் செய்த கோளாறு அப்படியே உச்சி வரை போகிறது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அதே சூத்திரம், அதே (n−1)/n. அதுவும் ஒன்றை நோக்கித்தான் போகிறது. ஆனால் விகிதம் போகவில்லை. என் காரணம் சரியாக இருந்திருந்தால் இந்தக் கணக்கிலும் விகிதம் ஒன்றை நெருங்கியிருக்க வேண்டும்.

எங்கே சறுக்கினேன் என்பதையும் இந்த எண்களே காட்டிக் கொடுத்தன. உண்மையான கணக்கில் 0.9396-ஐ 0.9461-ஆல் பெருக்கினால் 0.889, அதாவது 8/9. பொய்க் கணக்கில் 1.196-ஐ 0.743-ஆல் பெருக்கினாலும் அதே 0.889. சூத்திரம் சொல்வது இந்தப் பெருக்கலை மட்டும்தான். ஏழிலிருந்து ஒன்பதுக்குப் போகும் இரண்டு அடிகளின் பெருக்கல் 8/9. அந்த இரண்டு அடிகளில் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று அது சொல்வதில்லை. பெருக்கல் ஒன்றை நெருங்கினால் இரண்டு எண்களும் தனித்தனியே ஒன்றை நெருங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 2-ஐயும் 1/2-ஐயும் பெருக்கினாலும் ஒன்றுதானே. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். எனக்கு ராத்திரி பதினோரு மணிக்குத்தான் தெரிந்தது.

சரி, அப்படியானால் உண்மையான கணக்கில் விகிதம் ஏன் ஒன்றை நெருங்குகிறது? என்னிடம் விட்டுப்போனது எது?

விட்டுப்போனது சைன்தான். என் காரணத்தில் சைன் என்ற ஆளே இல்லை. சூத்திரத்தைக் கண்டுபிடித்ததும் சைனை வெளியே அனுப்பிவிட்டேன். வெறும் பின்னங்களை வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். திரும்ப உள்ளே கூப்பிட வேண்டும்.

0 முதல் 90 பாகை வரை சைனின் மதிப்பு 0-க்கும் 1-க்கும் நடுவில்தான். ஒன்றுக்குக் குறைந்த எண்ணை இன்னொரு தடவை அதனாலேயே பெருக்கினால் அது இன்னும் சின்னதாகும். 45 பாகையில் சைன் 0.707. அதன் வர்க்கம் 1/2. பத்தாவது அடுக்கு 1/32. எல்லா இடத்திலும் உயரம் குறைகிறது, அல்லது 0, 90 என்ற இரண்டு ஓரங்களிலும் அப்படியே இருக்கிறது. எங்கேயும் கூடவே முடியாது. உயரம் எங்கும் கூடவில்லை என்றால் பரப்பும் கூடாது. ஆகவே அடுக்கு ஏற ஏறப் பரப்பு இறங்கிக்கொண்டே போகும். இரட்டையா ஒற்றையா என்று பார்க்காமல் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும்:

I(n+1) ≤ I(n) ≤ I(n−1)

இதுதான் இரட்டையையும் ஒற்றையையும் இணைக்கும் கயிறு. பேராசிரியர் கேட்டது இதைத்தான்.

இனி ஒரே ஒரு வேலை. மூன்றையும் I(n−1)-ஆல் வகுங்கள். வலது ஓரம் 1 ஆகிவிடும். நடுவில் நமக்கு வேண்டிய விகிதம். இடது ஓரத்தில் I(n+1)-ஐ I(n−1)-ஆல் வகுத்தது. இந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு படி இடைவெளி, அதனால் அங்கே சூத்திரம் வேலை செய்யும். அது n/(n+1).

n/(n+1) ≤ I(n)/I(n−1) ≤ 1

n = 10 என்று போட்டால் விகிதம் 0.909-க்கும் 1-க்கும் நடுவில் இருக்க வேண்டும். நாம் கண்டது 0.9513. n = 1000 என்றால் 0.999-க்கும் 1-க்கும் நடுவில். இடது சுவர் நகர்ந்து நகர்ந்து ஒன்றை நோக்கி வருகிறது. வலது சுவர் அசையாமல் ஒன்றில் நிற்கிறது. நடுவில் மாட்டிய விகிதத்துக்கு வேறு போக்கிடம் இல்லை.

நான் சொன்ன (n−1)/n வகைப் பின்னம் இதிலும் இருக்கிறது, பார்த்தீர்களா? இடது சுவர் அதுதான். அது மட்டும் போதும் என்று நினைத்ததுதான் என் தப்பு. வலது சுவர் இல்லாமல் இடது சுவர் எதையும் பிடித்து வைக்காது. சொல்லப்போனால், பரப்பு இறங்குகிறது என்பது தெரியாவிட்டால் அந்த இடது சுவரும் சுவரே இல்லை. என் பொய்க் கணக்கில் மூன்றாவது 0.6667, நான்காவது 0.75. இறங்க வேண்டிய இடத்தில் ஏறிவிட்டது. அந்த ஒரு இடத்தைப் பார்த்தாலே, இது எந்த சைனின் பரப்பும் இல்லை என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு குழப்பமும் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். விகிதம் ஒன்றை நெருங்குகிறது என்றால் பரப்பு ஏதோ ஓர் எண்ணில் போய் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. பரப்பு பூஜ்ஜியத்தை நோக்கித்தான் போகிறது, ஆனால் மிக மெதுவாக. அடுத்தடுத்த இரண்டு பரப்புகளைப் பெருக்கி n-ஆலும் பெருக்கிப் பாருங்கள். 10 × 0.3866 × 0.4063. விடை 1.571. n = 1 என்றால் 1 × 1 × π/2, அதே 1.571. எந்த n-க்கும் இது மாறாமல் π/2 தான், சூத்திரத்திலிருந்தே வந்துவிடும். n பெரிதாகும்போதும் பெருக்கல் மாறாமல் நிற்க வேண்டுமென்றால் பரப்புகள் சுருங்கித்தான் ஆக வேண்டும்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது கடைசியில்தான் வந்தது. இரட்டை வழியின் அடியில் 2 போட்டால் விகிதம் ஒன்றை நெருங்கவில்லை. 1.5 போட்டாலும் நெருங்காது. 1.6 போட்டாலும் நெருங்காது. ஒரே ஓர் எண்ணுக்குத்தான் இரண்டு வழிகளும் உச்சியில் சேரும். அது π/2. அப்படியானால் திருப்பிப் போடலாம். விகிதம் ஒன்றை நெருங்குகிறது என்பதை வைத்தே π/2-ஐக் கண்டுபிடிக்கலாம். பின்னங்களை ஒழுங்காக அடுக்கினால் இப்படி வரும்:

π/2 = (2/1) × (2/3) × (4/3) × (4/5) × (6/5) × (6/7) × …

1656-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இங்கிலாந்துக்காரர் ஜான் வாலிஸ் π-க்கு இந்தப் பெருக்கலைத்தான் கொடுத்தார். அவர் வந்த வழி வேறு. நாம் இப்போது பார்த்த வழியில்தான் இன்று பாடப் புத்தகங்களில் நிரூபிக்கிறார்கள். "ஒண்ணுல π வருது, இன்னொண்ணுல வரல, சம்பந்தமே இல்லையா?" என்று திண்ணையில் கேட்ட பிள்ளைகளுக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய பதில் இது. சம்பந்தம் இருக்கிறது. அந்தச் சம்பந்தம்தான் π-யின் மதிப்பையே தீர்மானிக்கிறது.

காலையில் பேத்தி எழுந்து வந்ததும் பொய்க் கணக்கை அவளிடம் காட்டினேன். 1.196, 0.743, 1.211 என்ற வரிசையைப் பார்த்துவிட்டு, "அப்போ ஒரு மார்க்கு அதிகம்தான் ஆச்சி" என்று சிரித்தாள். அந்தப் பேராசிரியருக்கு நான் போன் செய்யவில்லை. அவளிடம் மட்டும் சொல்லி அனுப்பினேன், "ஆச்சி நன்றி சொன்னாங்கன்னு சொல்லு" என்று.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி பேசினாள். இப்போது அவளும் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள்: "டீச்சர், நான் பன்னிரண்டு வருஷமா பிள்ளைங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தர்றேன்."

அப்போதுதான் உறைத்தது. தப்பான விடையைச் சொல்லிக் கொடுத்திருந்தால் யாராவது ஒரு பிள்ளை சரிபார்த்துத் திருத்தியிருக்கும். சரியான விடைக்குத் தப்பான காரணம் சொன்னால் அதை யாரும் திருத்த மாட்டார்கள். கால்குலேட்டரில் போட்டாலும் ஒன்றுதான் வரும். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவள், கல்லூரிக் கணக்கைப் புத்தகம் பார்த்து நானாகக் கற்றேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இதைக் கண்டுபிடிக்கக் கல்லூரி வேண்டியதில்லை. சைனை எடுத்துவிட்டும் என் காரணம் நிற்கிறதா என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

ஆகவே பிள்ளைகளே, பழைய நோட்டு யாரிடமாவது இருந்தால் எடுங்கள். "(n−1)/n → 1, ஆகவே" என்று நான் எழுதச் சொன்ன வரியை அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக "சைன் 0-க்கும் 1-க்கும் நடுவில், ஆகவே பரப்பு இறங்குவரிசை" என்று எழுதி, அதன் கீழே அந்த இரண்டு சுவர்களையும் எழுதுங்கள். உங்களில் டீச்சராக இருப்பவர்கள் வகுப்பில் முதலில் அந்த 2 போட்ட கணக்கைக் கொடுங்கள். பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

மதினி, நீங்கள் "கணக்கா, ஆளை விடு" என்று நடுவிலேயே நிறுத்தியிருப்பீர்கள், தெரியும். பரவாயில்லை, அடுத்த பதிவு மாவடு ஊறுகாய்.

தப்பு ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். இனிமேல் சிவப்பு மையைப் பார்த்துக் கோபப்பட மாட்டேன்.

உங்கள் டீச்சர்